பட்ஜெட் போடுமுன் காட்சிவாரியான பிரேக்டவுன்: ஒரு வாய்ட் டெக் காட்சியை வைத்து முழுமையான வழிகாட்டி

திரைக்கதையில் "குமரன் நனைந்து வருகிறான்" என்று மூன்று சொற்கள் இருக்கும். பட்ஜெட் போடுபவருக்கு அந்த மூன்று சொற்களால் பயனில்லை. அவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. எத்தனை சட்டை, எந்த நிலையில், எத்தனை நாளுக்கு? மழை திரையில் தெரிய வேண்டுமா, ஓசை கேட்டால் போதுமா? பிரேக்டவுன் என்பது திரைக்கதையில் உள்ள பொருள்களைப் பெயர்த்தெழுதுவது மட்டுமன்று. எழுதியவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் விலை கேட்டு வரும் அளவுக்குத் தெளிவாக்குவதே அந்த வேலை. அதை ஒரே காட்சியை வைத்து இங்கே முழுதாகச் செய்து பார்ப்போம். சிங்கப்பூரில் எடுக்கும் தமிழ் நாடகம், குறும்படம் எதற்கும் முறை இதுவே.

எடுத்துக்கொள்ளும் காட்சி:

காட்சி 12. வெளி. வாய்ட் டெக் – மாலை

மழை கொட்டுகிறது. பார்வதி (68) கல்மேசையில் உட்கார்ந்து மல்லிகைச் சரம் தொடுக்கிறார். அடுத்த மேசையில் இரண்டு சீன முதியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். குமரன் (40) மின்மிதிவண்டியை ஓட்டி வந்து இறங்குகிறான். உணவு விநியோகச் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. கையில் ஒரு தே பொட்டலம். முதியவர்களில் ஒருவர் நிமிர்ந்து, "ஹெவி ரெயின் ஆ" என்கிறார். குமரன் தே பொட்டலத்தை அம்மாவிடம் தருகிறான். சட்டைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டுகிறான். பார்வதி படிக்கிறார். கை நடுங்குகிறது. தே அவன் சட்டையில் கொட்டுகிறது.

பார்வதி: இது எப்ப வந்துச்சு?

குமரன்: போன வாரம்மா.

சிறுவர்கள் பந்தோடு ஓடி வருகிறார்கள். பந்து பூக்கூடையில் பட்டு, மல்லிகை தரையில் சிதறுகிறது.

1. எண் போட்டுப் பூட்டுவது

பிரேக்டவுனைத் தொடங்கும் நாளில் திரைக்கதையின் பதிப்பு எண்ணும் தேதியும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். காட்சிகளுக்கு எண் போட்டபின் அந்த எண்கள் மாறக் கூடாது. இடையில் புதுக் காட்சி வந்தால் அது 12அ. ஒரு காட்சி போய்விட்டால் அதன் எண்ணை வைத்துக்கொண்டு "நீக்கப்பட்டது" என்று எழுதுங்கள். எண்ணை மறுபடி வரிசைப்படுத்தினால், ஆடைக் குழுவின் பட்டியலில் 14ஆக இருப்பது இட மேலாளரின் பட்டியலில் 15ஆகிவிடும். இந்தப் பிழை படப்பிடிப்பு நாள் காலையில்தான் வெளியே தெரியும்.

இடம் மாறினாலும் நேரம் மாறினாலும் அது புதுக் காட்சி. குமரன் வாய்ட் டெக்கிலிருந்து மின்தூக்கி முன் போய் நிற்பதை எழுத்தாளர் ஒரே காட்சியாக எழுதியிருப்பார். ஒளி வேறு, பின்னணி வேறு, கேமரா நகரவும் வேண்டும். அதனால் அது காட்சி 13.

வாய்ட் டெக்கை "உள்" என்பதா, "வெளி" என்பதா என்ற குழப்பம் இங்கே அடிக்கடி வரும். கூரை இருப்பதால் பலர் "உள்" என்று போடுகிறார்கள். "வெளி" என்று வைப்பதே சரி. நடிகர் நனைய மாட்டார், உண்மைதான். ஆனால் தூண்களுக்கு அப்பால் தெரியும் வெளிச்சம் வானத்தைச் சார்ந்தது, ஒலியோ மழையையும் வாகனங்களையும் சார்ந்தது. "உள்" என்று போட்டுவிட்டால் அட்டவணை போடுபவர் அதை மழை நாளுக்கான மாற்றுக் காட்சியாக ஒதுக்கிவிடுவார். அந்த நாளில் மழைச் சத்தத்தில் ஒரு வசனமும் பதிவாகாது.

2. எட்டில் ஒரு பங்கு

காட்சியின் நீளத்தைப் பக்கத்தின் எட்டில் ஒரு பங்காக அளப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக எட்டுச் சம துண்டாக்கினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குலம். இரண்டே வரி உள்ள காட்சிக்கும் குறைந்தது 1/8 கொடுக்க வேண்டும். காட்சி 12 அச்சில் ஒரு பக்கமும் மூன்று துண்டும் வருகிறது என்றால் 1 3/8. கூட்டுவதற்கு எளிதாக இதை 11 என்ற முழு எண்ணாகப் பதியுங்கள். விரிதாளில் C நிரல் எட்டுகளின் எண்ணிக்கையாக இருந்தால், அதைப் பக்கமாகக் காட்ட இந்தச் சூத்திரம் போதும்:

```
=INT(C2/8)&" "&MOD(C2,8)&"/8"
```

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. "ஒரு பக்கம் ஒரு நிமிடம்" என்ற கணக்கு, கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் அடிக்கும் ஆங்கிலத் திரைக்கதைக்கு உரியது. தமிழ் எழுத்துருவில் அதே வசனம் கூடுதல் இடம் பிடிக்கும். ஆங்கில எழுத்தில் தமிழ் வசனம் அடித்தால் அளவு இன்னொரு விதமாக மாறும். அதனால் எட்டுக் கணக்கைக் காட்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டு, ஓடும் நேரத்தைத் தனியாக அளவெடுங்கள். வசனமும் அசைவும் கலந்த ஐந்து பக்கங்களைக் கடிகாரத்தை வைத்து உரக்கப் படித்துப் பார்த்தால், உங்கள் அச்சு அமைப்பில் ஒரு பக்கம் எத்தனை விநாடி என்பது தெரிந்துவிடும். முழுத் திரைக்கதையும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில் இருந்தால்தான் இரண்டு கணக்கும் நிற்கும்.

3. வண்ணம் தீட்டுவது, கேள்வி எழுதுவது

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். கதை மனத்தில் நின்றால்தான், காட்சி 12இல் கொட்டிய தே காட்சி 13இலும் 14இலும் கறையாகத் தொடரும் என்பது தோன்றும்.

இரண்டாம் வாசிப்பில் வண்ணம். நடிகர்களுக்குச் சிவப்பு, துணைநடிகர்களுக்குப் பச்சை, கையில் எடுக்கும் பொருள்களுக்கு ஊதா, வாகனத்துக்கு இளஞ்சிவப்பு என்பது பரவலான வழக்கம். ஆடையைச் சுற்றி வட்டம் போடுவார்கள். எந்த வண்ணம் என்பதைவிட எல்லாக் காட்சிக்கும் அதே வண்ணம் என்பதே முக்கியம்.

மூன்றாம் வாசிப்புதான் பணத்தைக் காப்பாற்றுவது. இந்த முறை எழுதியிருப்பதைத் தேடாமல், எழுதாமல் விட்டதைத் தேடிப் பக்க ஓரத்தில் கேள்வியாக எழுத வேண்டும். காட்சி 12இல் எழும் கேள்விகள் இவை.

மழை தெரிய வேண்டுமா? தூண்களுக்கு அப்பால் மழைத்தாரை தெரிய வேண்டுமென்றால் தண்ணீர், குழாய், அதை இயக்க ஆட்கள், வழுக்கும் தரைக்கான பாதுகாப்பு, குடியிருப்பாளர்களின் வழி என்று ஒரு தனிப் பட்டியலே வரும். பார்வதியின் முகத்தை ஒட்டியே கேமரா நிற்கப் போகிறதென்றால் நனைந்த குமரன், தரையில் கொஞ்சம் ஈரம், பிறகு சேர்க்கும் மழையோசை போதும். இரண்டுக்கும் இடையிலான செலவு வேறுபாடு மிகப் பெரிது. விடை இயக்குநரிடம்தான் உண்டு. அதைப் பட்ஜெட்டுக்கு முன்பே வாங்க வேண்டும்.

குமரன் ஏன் மழைக்கோட்டு போடவில்லை? உணவு விநியோகம் செய்பவரிடம் அது கட்டாயம் இருக்கும். போட்டிருந்தால் சட்டை நனையாது. இயக்குநர் "மறந்துவிட்டான்" என்றால் பட்டியலில் மாற்றமில்லை. "கோட்டைக் கழற்றுகிறான்" என்றால் ஆடைப் பட்டியலில் ஒன்று கூடுகிறது.

உறை நனையாமல் எப்படி இருக்கிறது? நனைந்த சட்டைக்குள்ளிருந்து எடுக்கும் உறை கூழாகியிருக்கும். பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தான் என்றால் அந்தப் பையும் ஒரு பொருள். நனைந்த கடிதம்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு டேக்குக்கும் புதுக் கடிதம்.

மின்மிதிவண்டியை அவன் ஓட்டி வர முடியுமா? மின்மிதிவண்டியை நடைபாதையில் ஓட்டச் சட்டம் இடம் தருவதில்லை. சாலையிலும் சைக்கிள் பாதையிலும்தான் ஓட்டலாம். 2022 ஜனவரி 1 முதல் ஓட்டுபவர் இணையவழிக் கோட்பாட்டுத் தேர்வில் தேறியிருக்கவும் வேண்டும். வண்டிக்குப் பதிவு எண் தகடு வேண்டும். நடிகரிடம் அந்தத் தேர்ச்சி இருக்கிறதா, அல்லது வண்டியைத் தள்ளிக்கொண்டு வரலாமா? "தள்ளிக்கொண்டு வருகிறான்" என்று மாற்றினால் சிக்கல் தீரும், சோர்ந்த மனிதனின் நடையும் கிடைக்கும். காட்சி 11 சாலையில் நடப்பதால் அங்கே அவன் ஓட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பிரேக்டவுன் தாள் என்பதால், தேர்ச்சி பற்றிய கேள்வி காட்சி 11இன் தாளுக்கு மாறுகிறது, மறைந்துவிடுவதில்லை.

4. யார் நடிகர், யார் துணைநடிகர்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். பார்வதி 1, குமரன் 2 என்று முக்கியத்துவப்படி போய், அந்த எண் கடைசி வரை மாறாமல் இருக்கட்டும். பெயரை ஒரே மாதிரி எழுதுவதும் அதே அளவு முக்கியம். ஒரு காட்சியில் "பார்வதி", இன்னொன்றில் "அம்மா", பிறிதொன்றில் ஆங்கில எழுத்தில் வேறு எழுத்துக்கூட்டல் என்றிருந்தால் மென்பொருளுக்கு அவர்கள் மூன்று பேர். மொத்தக் கணக்கில் அவரது வேலை நாள் மூன்றாகச் சிதறி, ஒவ்வொன்றும் குறைவாகத் தெரியும்.

காட்சி 12இல் ஒரு பொறி இருக்கிறது. "இரண்டு சீன முதியவர்கள்" என்று படிக்கும்போது இருவரும் துணைநடிகர்கள் என்றே தோன்றும். ஆனால் ஒருவர் "ஹெவி ரெயின் ஆ" என்கிறார். வாய் திறந்த அந்த நொடியே அவர் வசனமுள்ள நடிகர். அவருக்கு ஊதியம் வேறு, ஒப்பந்தம் வேறு, தேர்வும் தேவை. அவருக்கு எண் 7 என்று கொடுத்துத் தனி வரியில் எழுதுங்கள். மற்றவர் துணைநடிகராகவே இருக்கலாம். அந்த ஒரு வரி வேண்டாம் என்று இயக்குநர் சொன்னால் செலவு இறங்கும். முடிவு அவருடையது. விலை இருக்கிறது என்று காட்டுவது உங்கள் வேலை.

"சிறுவர்கள்" என்பதற்கு எண்ணிக்கை இல்லை. திரைக்கதையில் இருக்கும் பன்மை ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றாமல் தாளை மூடாதீர்கள். இங்கே மூவர் என்று வைத்துக்கொள்வோம். மூவருடனும் ஒரு பெரியவர் வருவார், எனவே உணவு ஆறு பேருக்கு. பள்ளி நாளென்றால் எப்போது வர முடியும் என்பதும் இதே வரியில் வர வேண்டும்.

திரையில் வராத நடிகர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. காட்சி 14இல் வீட்டுச் சுவரில் பார்வதியின் மறைந்த கணவர் படம், மாலையோடு. கலைக் குழு அதைச் சட்டம் போட்ட படம் என்று மட்டுமே எழுதும். ஆனால் அந்த முகம் யாருடையது? ஒருவரை ஒப்பந்தம் செய்து, பழைய காலத்துச் சட்டை போட்டு, ஒப்பனை செய்து, படப்பிடிப்புக்கு முன்பே நிழற்படம் எடுத்து அச்சிட வேண்டும். நடிகர் பட்டியலில் "நிழற்படம் மட்டும்" என்று ஒரு வரி சேருங்கள்.

5. பொருள்கள்: எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது

நடிகர் தொட்டுப் பயன்படுத்துவது கைப்பொருள். இடத்தில் சும்மா இருப்பது அலங்காரம். உடலில் அணிவது ஆடை. எல்லையில் நிற்கும் பொருள்களை இரண்டு குழுவும் எழுதும், அல்லது இரண்டுமே விட்டுவிடும். விநியோகப் பையைக் கைப்பொருள் என்றும், தலைக்கவசத்தை ஆடை என்றும் முதலிலேயே பிரித்து எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. இரண்டிலும் உண்மையான நிறுவனத்தின் பெயரோ சின்னமோ வரக் கூடாது. கற்பனைச் சின்னம் வரைந்து அச்சிடும் வேலை ஒன்று இதனால் கூடுகிறது.

அழியும் பொருள்களின் எண்ணிக்கையை இப்படிக் கணக்கிடலாம்: அந்தச் செயல் தெரியும் கேமரா கோணங்களின் எண்ணிக்கையை, ஒரு கோணத்துக்கு எதிர்பார்க்கும் டேக்குகளால் பெருக்கி, ஒத்திகைக்கு ஒன்றிரண்டு கூட்டுவது.

பூ சிதறுவது அகலக் கோணத்திலும் தரையோடு ஒட்டிய கோணத்திலும் வருகிறது. கோணத்துக்கு நான்கு டேக் என்றால் எட்டு முறை சிதறும். ஒத்திகை ஒன்றைச் சேர்த்தால் ஒன்பது. சிதறிய மல்லிகையில் பாதியைத்தான் அள்ளித் திரும்பக் கூடையில் போட முடியும். மீதி நசுங்கும், ஈரத் தரையில் அழுக்காகும். ஒரு கூடையை நிரப்ப அரைக் கிலோ என்றால், முதல் கூடைக்கு அரைக் கிலோ, அடுத்த எட்டு முறையும் கால் கிலோ வீதம் 2 கிலோ, ஆக இரண்டரைக் கிலோ. மல்லிகையை முந்தின நாளே வாங்கி வைத்தால் மாலைக்குள் மொட்டு விரிந்து பழுத்துவிடும். படப்பிடிப்பு நாளன்றே பஃப்ளோ ரோடு பூக்கடைகளில் வாங்கி வர ஓர் ஆளும் வண்டியும் வேண்டும் என்பதும் தாளில் வர வேண்டும். அடியில் செயற்கைப் பூவைப் போட்டு மேலே மட்டும் உண்மைப் பூ வைத்தால் அளவு குறையும். ஆனால் சிதறும்போது தரையில் உருளும் விதம் வேறாக இருக்கும், தரையோடு ஒட்டிய கோணத்தில் அது கண்டிப்பாகத் தெரியும்.

பார்வதி தொடுக்கும் சரத்தை மறந்துவிடாதீர்கள். காட்சியின் தொடக்கத்தில் அது ஒரு சாண், முடிவில் ஒரு முழம். நடிகை நிஜமாகவே தொடுத்தால் ஒவ்வொரு டேக்கிலும் நீளம் மாறும். ஒரு சாண், முக்கால் முழம், முழம் என்று மூன்று நீளங்களில் முன்பே தொடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வைத்துக்கொண்டால் எந்தக் கோணத்தை எப்போது எடுத்தாலும் பொருந்தும். நடிகைக்குப் பூத்தொடுக்கத் தெரியுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தெரியாதென்றால் கையை மட்டும் காட்டும் ஷாட்டுக்கு இன்னொருவர் கை.

கடிதம் அண்மைக் காட்சியில் தெரியும் என்பதால் முழு வாசகமும் வேண்டும். எந்த மொழியில், யார் அனுப்பியது, தேதி என்ன? மூன்றையும் எழுத்தாளரே எழுதித் தர வேண்டும். அனுப்பியவர் கற்பனை நிறுவனமாகவே இருக்கட்டும். உறை ஏற்கெனவே பிரித்ததென்றால் மூன்று படி போதும். திரையில் கிழித்துத் திறக்கிறார் என்றால் டேக்குக்கு ஒன்று.

தே பொட்டலம் நடிகர் மேல் கொட்டுவதால் சூடாக இருக்கக் கூடாது. ஆனால் சூடாகத் தெரிய வேண்டும். இளஞ்சூடான தே எட்டுப் பொட்டலம், கட்டும் நூல், உறிஞ்சுகுழல் எல்லாம் ஒரே காப்பிக் கடையிலிருந்து வாங்கினால் நிறம் மாறாது.

சதுரங்கக் காய்கள் தொடர்ச்சியின் எதிரி. ஆட்டத்தின் மூன்று நிலைகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, டேக்குக்கு டேக் அதே நிலைக்குத் திரும்ப அடுக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

6. ஆடை: கதை நாளைக் கணக்கிடாமல் எண்ணக் கூடாது

ஆடைப் பட்டியல் பிசகுவதற்கான முதல் காரணம், காட்சி எண்ணை வைத்து எண்ணுவது. கதைக்குள் எத்தனை நாள் நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்து, ஒவ்வொரு காட்சித் தலைப்பிலும் "கதை நாள் 3" என்பது போல எழுதுங்கள். திரைக்கதையில் "மறுநாள்" என்ற சொல் இல்லாத இடங்களில்தான் சிக்கல். இரவுக் காட்சிக்குப் பின் பகல் காட்சி வந்தால் நாள் மாறிவிட்டது. பகலுக்குப் பின் பகல் வந்தால் அதே நாளா, அடுத்த வாரமா என்று இயக்குநரிடம்தான் கேட்க வேண்டும்.

கதை நாள் 3இல் குமரனுக்கு 11, 12, 13, 14 என நான்கு காட்சி. ஆடை ஒன்றுதான், நிலை மூன்று. 11இல் உலர்ந்த சட்டை நனைகிறது. 12இல் நனைந்த சட்டையில் தே படுகிறது. 13இலும் 14இன் தொடக்கத்திலும் நனைந்து, கறையோடு இருக்கிறது. பிறகு வீட்டில் பனியனும் சாரமும் மாற்றுகிறான்.

12இல் தே கொட்டும் நொடியை ஒரே கோணத்தில் மூன்று டேக் மட்டும் எடுப்பது என்று இயக்குநர் ஒப்புக்கொண்டால் கறையில்லாத சட்டை மூன்று வேண்டும். கறைபட்ட அந்தச் சட்டைகளையே பிறகு 13க்கும் 14க்கும் பயன்படுத்தலாம். 11 வேறொரு நாளில் வருவதால், அதை முன்னதாக எடுத்தால் அந்தச் சட்டைகளைத் துவைத்து 12க்குக் கொண்டு வரலாம். கறையின் நிறத்தை முன்பே சோதிக்கவும் அவசரத்துக்கும் ஒன்று. ஆக மொத்தம் நான்கு, ஒரே அளவு, ஒரே துணி.

அட்டவணை மாறி 14ஐ 12க்கு முன் எடுத்தால்? வீடு ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் இது சாதாரணமாக நடக்கும். அப்போது இல்லாத கறையை முன்கூட்டியே உருவாக்க வேண்டும், ஐந்தாவது சட்டை. பிறகு 12இல் தே அதே இடத்தில் கொட்ட வேண்டிய நெருக்கடியும் வரும். அதனால் ஆடைத் தாளில் "12க்குப் பின்பே 13, 14" என்று எழுதி வையுங்கள். அட்டவணை போடுபவருக்குக் கிடைக்கும் மிகப் பயனுள்ள குறிப்பு இது போன்றதுதான்.

நனைந்த ஆடை நீண்ட நேரம் உடலில் இருந்தால் நடிகருக்குக் குளிரும், சிங்கப்பூர் வெப்பத்திலும்கூட. தெளிப்பான், துண்டு, உள்ளே அணியும் மெல்லிய நீர்புகாத் துணி, மாற்று உள்ளாடை, மாற்றுச் சப்பாத்து எல்லாம் இந்த ஒரு காட்சியின் ஆடை வரியில் வரும். பார்வதிக்கு ஒரே சேலை, ஒரே நிலை. தே தெறித்தால் பாதிக்கப்படும் என்பதால் அதற்கும் ஒரு மாற்று.

7. இடம்: கதையில் ஒன்று, நிலத்தில் வேறு

கதையில் இருப்பது களம். போய் நிற்பது இடம். "பார்வதி வீடு – கூடம்" ஒரு களம், "பார்வதி வீடு – சமையலறை" இன்னொன்று. இரண்டும் ஒரே வீவக வீட்டில் இருக்கலாம், இரண்டு வீட்டிலும் இருக்கலாம். தாளில் இரண்டுக்கும் தனி நிரல் வேண்டும். எல்லாக் காட்சிகளையும் இட நிரலின்படி வரிசைப்படுத்தினால் ஒவ்வோர் இடத்திலும் மொத்தம் எத்தனை பக்கம் என்று தெரியும். நம் கதையில் வாய்ட் டெக் களம் 4, 12, 21 ஆகிய காட்சிகளில் வருகிறது; மின்தூக்கித் தளமாகிய 13உம் அதே புளோக்கில் எடுக்கலாம். எட்டுக் கணக்கில் 9, 11, 11, 3. கூட்டினால் 34, அதாவது 4 2/8 பக்கம். இந்த எண்தான் அங்கே எத்தனை நாள் வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கி வைக்கும்.

சிங்கப்பூரில் இடத்துக்கு உரியவர் யாரோ அவரிடமே அனுமதி. வாய்ட் டெக் என்றால் அந்தப் பகுதியின் நகர மன்றம், பூங்கா என்றால் தேசிய பூங்காக் கழகம், எம்ஆர்டி நிலையம் என்றால் அதை நடத்தும் நிறுவனம், தனியார் காப்பிக் கடை என்றால் அதன் உரிமையாளர். தாளில் "அனுமதி: யாரிடம், எந்த நாளுக்குள் விண்ணப்பம், எந்த நிபந்தனை" என்று மூன்றையும் எழுதுங்கள். நகர மன்றத்துக்குப் போகும் விண்ணப்பத்தில், குழுவில் எத்தனை பேர், எந்தத் தூணிலிருந்து எந்தத் தூண் வரை, லோரி எங்கே நிற்கும், தரையில் தண்ணீர் ஊற்றுவீர்களா என்பதெல்லாம் இருந்தால்தான் விடை தெளிவாக வரும். அந்த விவரங்கள் அனைத்தும் இந்தப் பிரேக்டவுன் தாளிலிருந்தே எடுக்கப்படுபவை.

"மாலை" என்ற சொல்லிலும் பணம் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுதும் ஏறத்தாழ 7 மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. மறைந்து இருபது நிமிடத்துக்குள் இருட்டிவிடும். ஒன்றே கால் பக்கத்துக்கு மேல் உள்ள காட்சியை, நான்கைந்து கோணத்தோடு, அந்த இடைவெளியில் எடுக்க முடியாது. மூன்று வழிதான். மழை மேகம் கவிந்த பகலாக மாற்றி மதியத்தில் எடுப்பது, அல்லது இரவாக மாற்றி விளக்கமைப்பது. மாலையாகவே வேண்டுமென்றால் இரண்டு நாள் ஒதுக்குவது. தாளில் "மாலை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் பட்ஜெட்டில் அது அரை நாளாகப் பதிவாகிவிடும். பொழுது சாயும்போது வாய்ட் டெக் விளக்குகள் தாமாகவே எரியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எரிய வேண்டாம் என்றால் அதையும் அனுமதிக் கடிதத்தில் கேட்க வேண்டும். தூணில் இருக்கும் "பந்து விளையாடக் கூடாது" பலகை கேமராவில் விழுமா என்பதையும் இடம் பார்க்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் காட்சியில் சிறுவர்கள் பந்தோடு வருகிறார்கள்.

8. தாளை மூடுவது

காட்சி 12இன் தாள் இப்போது இப்படி நிற்கிறது: கதை நாள் 3, வெளி, 11 எட்டுகள். நடிகர்கள் 1, 2, 7. துணைநடிகர்கள்: பெரியவர் ஒருவர், சிறுவர் மூவர், உடன் வருவோர் மூவர். கைப்பொருள்: மல்லிகை இரண்டரைக் கிலோ, சரம் ஆறு, கூடை இரண்டு, கடிதமும் உறையும் மூன்று படி, பிளாஸ்டிக் பை, தே எட்டு, சதுரங்கம், விநியோகப் பை, பந்து இரண்டு. வாகனம்: மின்மிதிவண்டி ஒன்று, பதிவு எண் தகட்டோடு, தள்ளி வருவது. ஆடை: குமரன் நான்கு சட்டை, பார்வதி இரண்டு சேலை. இடம்: வாய்ட் டெக், நகர மன்ற அனுமதி. திறந்திருக்கும் கேள்வி: மழை தெரிய வேண்டுமா?

விடை வராத கேள்விகளைக் காலியாக விட்டுப் பட்ஜெட்டுக்கு அனுப்பாதீர்கள். காலிக் கட்டத்தைப் பூச்சியமாகவே எடுத்துக்கொள்வார்கள். "முடிவாகவில்லை: குறைந்த செலவு வழி, கூடிய செலவு வழி" என்று இரண்டையும் எழுதினால் இரண்டுக்கும் விலை வரும், இயக்குநர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.

எல்லாத் தாளும் முடிந்தபின் குழுத் தலைவர்களை ஒன்றாக உட்கார வைத்து, காட்சி காட்சியாக உரக்கப் படியுங்கள். ஆடை, கலை, ஒப்பனை, ஒலி, இடம் எல்லாரும் ஒரே அறையில் இருக்கும்போதுதான், ஒருவர் "அது உங்களிடம் என்று நினைத்தேன்" என்பார். அந்த வாக்கியம் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் அங்கேயே ஒரு பெயரைப் போட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தாளின் மூலையிலும் திரைக்கதைப் பதிப்பு எண். எழுத்தாளர் ஒரு வரியை மாற்றினால் அந்தத் தாளையும், அதே கதை நாளில் வரும் மற்றத் தாள்களையும் மட்டும் திறந்து பார்த்தால் போதும். காட்சி 12இல் தே வேண்டாம் என்று முடிவானால், 13, 14 தாள்களில் உள்ள கறையும் அன்றே போக வேண்டும்.